பாராட்டில் பதுங்கும் முள்

நுழையும்முன்

பாராட்ட எண்ணி எழுதிய மடல், பெற்றவரின் மனத்தைப் புண்படுத்துவது உண்டு. எழுதியவர் வசைச்சொல் ஒன்றையும் எழுதியிருக்கமாட்டார். ஆயினும் ஓர் உம்மையோ ஓர் ஏகாரமோ அவர் கருதாத பொருளைத் தந்துவிடும். அலுவலகங்களில் எழுதப்படும் பாராட்டு மின்னஞ்சல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் பதுங்கியிருக்கும் முட்களை அடையாளம் கண்டு நீக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

வஞ்சப்புகழ்ச்சியும் தற்செயலான முள்ளும்

புகழ்வதுபோலப் பழித்தலும் பழிப்பதுபோலப் புகழ்தலும் வஞ்சப்புகழ்ச்சி அணி எனப்படும். புறநானூற்றின் 95ஆம் பாடல் இதற்குச் சிறந்த சான்றாகும். அதியமானின் தூதராகச் சென்ற ஔவையாரிடம் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அவனுடைய கருவிகள் அணிசெய்யப்பட்டு, நெய் பூசப்பட்டு, காவலுடைய மனையில் இருப்பதாகவும், அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடப்பதாகவும் ஔவையார் கூறுகிறார். மேலோட்டமாக நோக்கின் தொண்டைமானுக்குப் புகழ். உள்ளே நோக்கின், போரையே அறியாத படைக்கலங்கள் அவனுடையவை என்னும் இழிவு.

ஔவையார் அறிந்தே அவ்வாறு கூறினார். அது தூதின் திறம். நாம் இங்குக் காணப்போவது அறியாமல் நேரும் வஞ்சப்புகழ்ச்சியை. எழுதுபவருக்குப் பழிக்கும் எண்ணம் இல்லை. ஆனால் தொடரின் அமைப்பு பழித்துவிடுகிறது. இதனை முள் வைத்த பாராட்டு எனலாம். இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது மெலிந்த பாராட்டு. பாராட்ட வேண்டிய பெரிய செயலை விட்டுவிட்டு, எவருக்கும் பொருந்தும் சிறிய நற்பண்பை மட்டும் கூறி அமைவது மெலிந்த பாராட்டாகும்.

நேரில் பேசும்போது முகக்குறிப்பும் குரலும் சொல்லின் கூர்மையைக் குறைக்கும். மின்னஞ்சலில் அவை இல்லை. மேலும், பாராட்டு மின்னஞ்சலின் நகல் பெரும்பாலும் பிற பணியாளர்களுக்கும் அனுப்பப்படுகிறது. பெறுபவர் அதனைப் பலமுறை படிக்கிறார். உடன் பணிபுரிவோரும் படிக்கின்றனர். அதனால் அதில் உள்ள முள் ஒருமுறை தைத்து நிற்பதில்லை.

ஒரு மின்னஞ்சலின் முதல் வரைவு

மாவட்ட மைய நூலகம் ஒன்றில் பல்லாண்டுகளாகப் பணியாற்றும் நூலகர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவருக்கு வயது 56. கையெழுத்துப் பதிவேடுகளில் மட்டும் இருந்த பழைய நூல்களின் விவரங்களைக் கணினிப் பட்டியலில் சேர்க்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பணி நிறைவுற்றதும், மாவட்ட நூலக அலுவலர் அவரைப் பாராட்டி ஒரு மின்னஞ்சல் எழுதுகிறார். அதன் நகல் கிளை நூலகங்கள் அனைத்திற்கும் செல்லவிருக்கிறது. அவர் எழுதிய முதல் வரைவு இது:

பொருள்: பாராட்டு – தொடர்பாக

மதிப்பிற்குரிய நூலகர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நூல்களைக் கணினியில் பதிவுசெய்யும் பணியை ஒருவழியாக முடித்துவிட்டீர்கள் என அறிந்து மகிழ்கிறேன். கணினிப் பயிற்சி அதிகம் இல்லாதபோதும், இந்த வயதிலும் இதைக் கற்றுச் செய்தது வியப்பளிக்கிறது. தொடக்கத்தில் சில பதிவுகளில் பிழைகள் இருந்தாலும், பின்னர் வந்தவை நன்றாகவே இருந்தன. நாள்தோறும் தவறாமல் பணிக்கு வந்தீர்கள். பதிவேடுகளைத் தூய்மையாக வைத்திருந்தீர்கள். உங்களைப் போன்றோரே இவ்வளவு செய்யும்போது, இளையோர் இன்னும் மிகுதியாகச் செய்ய முடியும். இதே ஆர்வத்தை மற்றப் பணிகளிலும் காட்டுவீர்கள் என எதிர்பார்க்கிறேன். வாழ்த்துகள்.

இதனை எழுதிய அலுவலர் அந்த நூலகரை உண்மையாகவே மதிப்பவர் எனக் கொள்வோம். ஆயினும் இம்மடலைப் படித்து முடிக்கும் நூலகர் மகிழமாட்டார். ஏன் என்பதைத் தொடர் தொடராக ஆராய்வோம்.

மறுவினாச் சோதனை

முள் இருக்கும் இடத்தை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு தொடரையும் படித்தபின், அதனைப் பெறுபவர் மனத்தில் எழக்கூடிய மறுவினாவை எழுதிப் பார்க்க வேண்டும். அவ்வினா செயலைப் பற்றியதாயின் தொடர் நலமாக உள்ளது. தம்மைப் பற்றிய தாழ்வான மதிப்பீட்டைக் குறித்ததாயின் அங்கே முள் இருக்கிறது.

‘ஒருவழியாக முடித்துவிட்டீர்கள்’ என்னும் தொடரைக் காண்க. ‘அவ்வளவு காலம் தாழ்த்திவிட்டேனா?’ என்பது இதற்கு எழும் மறுவினா. நெடுநாள் இழுபறிக்குப் பின் முடிந்த செயலையே ‘ஒருவழியாக’ முடிந்ததாகக் கூறுவது நம் வழக்கு. அச்சொல்லை நீக்கினால், ‘பணியை முடித்துவிட்டீர்கள் என அறிந்து மகிழ்கிறேன்’ என்று தொடர் தூய்மையடைகிறது. ஒரு சொல்லை நீக்கியதும் முள் மறைந்ததெனில், முள் அச்சொல்லில்தான் இருந்தது என்பது உறுதியாகிறது.

‘இந்த வயதிலும்’ என்பதற்கு எழும் மறுவினா, ‘என் வயதில் இதைக் கற்க இயலாது என்றா எண்ணியிருந்தீர்கள்?’ என்பதாகும். உம்மை தரும் பொருள்களை நன்னூல் எட்டாக வகுக்கிறது. அவற்றுள் ஒன்று சிறப்பு. அது உயர்வு சிறப்பு, இழிவு சிறப்பு என இருவகைப்படும். இங்கு வந்துள்ள உம்மை இழிவு சிறப்பும்மை போலவே செயற்படுகிறது. கற்றதைப் புகழவந்த தொடர், கற்பவரின் வயதை ஒரு குறையாக முன்னிறுத்திவிட்டது. ‘வியப்பளிக்கிறது’ என்னும் வினை அதற்குத் துணைநிற்கிறது. எதிர்பாராததைக் கண்டே நாம் வியக்கிறோம். ஆகவே ஒருவரின் திறமையைக் கண்டு வியந்தேன் என்பது, அத்திறமையை அவரிடம் எதிர்பார்க்கவில்லை என்பதாகவும் பொருள்படும்.

‘பெண்ணாக இருந்தும்’, ‘சிற்றூரில் படித்தவராயினும்’, ‘புதியவர் என்றபோதிலும்’ என வரும் தொடர்களும் இத்தகையனவே. இவை ஒருவரைப் புகழ்வதற்காக, அவர் சார்ந்த கூட்டத்தையே தாழ்த்துகின்றன. நகலைப் படிக்கும் அக்கூட்டத்தினர் அனைவரையும் அம்முள் தைக்கும்.

‘நன்றாகவே இருந்தன’ என்பதில் உள்ளது தேற்ற ஏகாரம். ‘நன்றாக இருந்தன’ என்றால் அது ஒரு கூற்று. ‘நன்றாகவே இருந்தன’ என்றால், நன்றாக இல்லையோ என ஐயுற்ற ஒருவருக்குக் கூறும் மறுமொழி. முன்னால் ‘பிழைகள் இருந்தாலும்’ என வந்திருப்பதால் அந்த ஐயம் யாருடையது என்பதும் விளங்கிவிடுகிறது.

‘மற்றப் பணிகளிலும் காட்டுவீர்கள் என எதிர்பார்க்கிறேன்’ என்பதில் உள்ள எச்சவும்மை, இந்தப் பணியில் காட்டிய ஆர்வம் பிற பணிகளில் இதுவரை காட்டப்படவில்லை என்னும் குறிப்பைத் தருகிறது. பாராட்டு மடலின் இறுதித் தொடர் ஒரு கட்டளையாக முடிவதால், மடல் முழுவதும் அக்கட்டளைக்கு முன்னுரையாக மாறிவிடுகிறது.

உம்மையும் ஏகாரமும் எங்கு வரினும் குற்றம் என இதனால் கொள்ளலாகாது. ‘நூல்கள் அனைத்தையும் பதிவுசெய்தீர்கள்’ என்பதில் உள்ள முற்றும்மை பணியின் முழுமையைக் காட்டுகிறது. ‘தேவையை உணர்ந்து நீங்களே மேற்கொண்டீர்கள்’ என்பதில் உள்ள பிரிநிலை ஏகாரம் செயலின் பெருமையை அவர் ஒருவருக்கே உரியதாக்குகிறது. இடைச்சொல் எதனை வேறுபடுத்திக் காட்டுகிறது என்பதே நாம் நோக்க வேண்டியதாகும்.

சொல்லாமல் விட்டவை பேசுகின்றன

இனி, ‘நாள்தோறும் தவறாமல் பணிக்கு வந்தீர்கள், பதிவேடுகளைத் தூய்மையாக வைத்திருந்தீர்கள்’ என்னும் பகுதிக்கு வருவோம். இதில் இழிவு சிறப்பும்மையும் இல்லை. தேற்ற ஏகாரமும் இல்லை. கூறப்பட்டவை யாவும் உண்மை. ஆயினும் இப்பகுதி சுடுகிறது.

இதற்குரிய காரணத்தை மெய்யியல் அறிஞர் பால் கிரைஸ் தெளிவாக விளக்கினார். உரையாடலில் தேவையான அளவு செய்தியைக் கூறுவோம் என்னும் எதிர்பார்ப்பு இருதரப்பினருக்கும் உண்டு என்பது அவர் கருத்து. 1975இல் வெளியான கட்டுரையில் அவர் ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறார். மெய்யியல் துறைப் பணிக்கு விண்ணப்பித்த மாணவர் ஒருவருக்காக ஆசிரியர் பரிந்துரை மடல் எழுதுகிறார். மாணவரின் ஆங்கிலம் மிக நன்று, வகுப்புகளுக்குத் தவறாமல் வந்தார் என்பனவற்றை மட்டும் எழுதி முடித்துவிடுகிறார். மெய்யியல் புலமையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆசிரியருக்கு மாணவரைத் தெரியும். எழுதவேண்டியது எதுவென்பதும் தெரியும். தெரிந்தும் எழுதவில்லையெனில், எழுதத்தக்கதாக எதுவும் இல்லை என்றே மடலைப் படிப்பவர் முடிவுசெய்வார்.

நம் நூலகரின் நிலையும் இதுவே. நூற்பட்டியல் பணியைப் பாராட்டும் மடலில் வருகையும் தூய்மையும் மட்டும் பேசப்பட்டால், பட்டியல் பணியில் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை என்பதாகும். ‘பரவாயில்லை’, ‘குறை சொல்வதற்கில்லை’, ‘எதிர்பார்த்த அளவு இருந்தது’ போன்ற தொடர்களும் இவ்வாறே மெலிந்து ஒலிக்கின்றன.

மெலிந்த பாராட்டை மிகைச்சொல்லால் வலுவூட்ட முடியாது. ‘ஈடு இணையற்ற, வரலாறு காணாத பணி’ என்று எழுதினும், செய்தது எதுவென்று மடலில் இல்லையெனில் அதே வெறுமைதான் எஞ்சும். பெயரை மட்டும் மாற்றி அம்மடலை வேறொருவருக்கு அனுப்பமுடியுமாயின், அது இன்னும் மெலிந்தே இருக்கிறது என அறியலாம். முள்ளை நீக்குவதற்குச் சொல்லை அகற்றினால் போதும். மெலிவை நீக்குவதற்கு உண்மைச் செய்தி வேண்டும். அச்செய்தியைத் தேடிச்செல்ல வேண்டும்.

செய்தியைத் திரட்டுதல்

திருத்தி எழுதும் முன் அலுவலர் மூன்று செய்திகளை அறிய வேண்டும். நூலகர் செய்தது என்ன? அதில் அவருடைய தனி முடிவு எது? அதனால் யாருக்கு என்ன பயன் விளைந்தது? இவற்றை உடன் பணிபுரிந்தோரிடமும், பட்டியலைப் பயன்படுத்துவோரிடமும், தேவையாயின் நூலகரிடமும் கேட்டறியலாம்.

அவ்வாறு கேட்டபோது கிடைத்தவை இவை எனக் கொள்வோம். அவர் 4,200 நூல்களை 11 வாரங்களில் பதிவுசெய்தார். அப்போது ஒரு சிக்கலைக் கண்டார். ஒரே ஆசிரியரின் பெயர் பழைய பதிவேடுகளில் பலவாறு எழுதப்பட்டிருந்தது. ‘உ.வே.சா.’ என ஓரிடத்திலும், ‘சாமிநாதையர், உ.வே.’ என ஓரிடத்திலும், ‘சாமிநாத ஐயர்’ என வேறோரிடத்திலும் இருந்தன. புதுமைப்பித்தனின் நூல் ஒன்று அவருடைய இயற்பெயரான சொ. விருத்தாசலம் என்னும் பெயரில் இருந்தது. பதிவேட்டில் உள்ளவாறே கணினியில் ஏற்றினால், ஒரு பெயரால் தேடுபவருக்கு மற்றப் பெயர்களில் உள்ள நூல்கள் தென்படா. நூல் அலமாரியில் இருந்தும் இல்லாததாகிவிடும். எனவே அவர் 186 ஆசிரியர்களுக்கு ஒரு பொதுப்பெயரை வரையறுத்து, ஏனைய வடிவங்களை அதனோடு இணைத்துத் தனிப்பட்டியல் உருவாக்கினார். இப்பணியை எவரும் அவரிடம் கூறவில்லை.

முதல் வரைவில் இச்செய்திகளுள் ஒன்றேனும் இல்லை. வயதும் வருகையும் எளிதில் கண்ணுக்குத் தெரிந்தன. பணியின் நுட்பம் கேட்டறிந்தால்தான் தெரிந்தது. பாராட்டு மெலிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

திருத்திய மின்னஞ்சல்

பொருள்: பழைய நூல்களின் கணினிப் பதிவும் ஆசிரியர் பெயர்ப் பட்டியலும் – பாராட்டு

மதிப்பிற்குரிய நூலகர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மைய நூலகத்தின் பழைய நூல்கள் 4,200ஐயும் 11 வாரங்களில் கணினிப் பட்டியலில் பதிவுசெய்துள்ளீர்கள். ஒரே ஆசிரியரின் பெயர் பதிவேடுகளில் பலவாறு இருப்பதைக் கண்டு, 186 ஆசிரியர்களுக்குப் பொதுப்பெயர் வரையறுத்துப் பட்டியல் அமைத்தீர்கள். இது உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பணியன்று. தேவையை உணர்ந்து நீங்களே மேற்கொண்டது.

இதன் பயனைச் சென்ற வாரம் நேரில் கண்டேன். உ.வே.சா.வின் பதிப்புகளைத் தேடிவந்த ஆய்வு மாணவருக்கு, முன்பு பட்டியலில் 9 நூல்கள் மட்டும் தெரிந்தன. இப்போது 23 நூல்கள் தெரிகின்றன. கிளை நூலகங்களின் கணினிப் பதிவுக்கும் உங்கள் பட்டியலைப் பின்பற்றவிருக்கிறோம்.

மிக்க நன்றி.

முதல் வரைவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடுகளை நோக்குக. இங்கு வயது இல்லை. பழைய பிழை இல்லை. இளையோருடன் ஒப்பீடு இல்லை. புதிய கட்டளை இல்லை. ‘மகிழ்கிறேன்’, ‘வியப்பளிக்கிறது’ என எழுதுபவரின் உணர்ச்சி பேசப்படவில்லை. தொடர்களின் எழுவாயாக நூலகரும் அவர் பணியின் பயனும் நிற்கின்றனர். ‘சிறந்த’, ‘அரிய’ என்னும் அடைமொழிகள் ஒன்றுகூட இல்லை. ஆயினும் படிப்பவர் அப்பணி சிறந்தது என்பதைத் தாமே உணர்கிறார். பொருள் வரியிலும் ‘தொடர்பாக’ என்னும் பொதுச்சொல் நீங்கிச் செய்த பணி இடம்பெற்றுள்ளது.

‘முன்பு 9 நூல்கள் மட்டும் தெரிந்தன’ என்பதும் ஓர் ஒப்பீடுதானே என்னும் வினா எழலாம். ஆம், ஆனால் இது பட்டியலின் பழைய நிலையையும் புதிய நிலையையும் ஒப்பிடுகிறது. நூலகரின் பழைய நிலையையும் புதிய நிலையையும் ஒப்பிடவில்லை. மறுவினாச் சோதனையை இங்கும் செய்து பார்க்கலாம். ‘விடுபட்டிருந்த 14 நூல்கள் எவை?’ என்பது போன்ற வினாவே எழும். அது செயலைப் பற்றிய வினா.

நீக்கியவை எங்குச் செல்லும்?

தொடக்கப் பதிவுகளில் பிழைகள் இருந்தது உண்மையாயின், அதனை மறைப்பது முறையா? பிழைகள் முன்னரே திருத்தப்பட்டிருப்பின், அவற்றைப் பற்றிப் பேசுவதற்கு இனி ஒன்றுமில்லை. திருத்தப்படாதிருப்பின், எந்த எண்ணுள்ள பதிவில் எது பிழை என்பதைக் குறிப்பிட்டு, நூலகருக்கு மட்டும் தனிமடல் எழுத வேண்டும். பாராட்டு மடலில் குறையைக் கலந்தால் இரண்டும் கெடுகின்றன. குறை தெளிவாகச் சொல்லப்படுவதில்லை, பாராட்டும் நம்பப்படுவதில்லை. அதே வேளையில், குறையை நீக்குவது பொய்யைச் சேர்ப்பதாகிவிடக் கூடாது. பிழைகள் இருந்த பணியைப் ‘பிழையற்ற பணி’ என எழுதினால், உண்மையை அறிந்த நூலகர் மடலின் ஏனைய தொடர்களையும் ஐயுறுவார்.

ஒருவர் கடந்துவந்த தடையைக் குறிப்பிடவே கூடாதா என்பதும் எண்ணத்தக்கது. தடையைத் தம் பெருமையாக அவரே பலரறியக் கூறியிருப்பின் குறிப்பிடலாம். ‘ஐம்பதைக் கடந்தபின் கணினி கற்றேன்’ என்று அந்நூலகர் பணியாளர் கூட்டத்தில் மகிழ்ந்து கூறியிருந்தால், அது அவருடைய சொல். அவர் கூறாதபோது அதனை நாம் எடுத்துரைப்பது நம்முடைய மதிப்பீடாகிவிடும்.

கேட்டறிந்த பின்னும் குறிப்பிடத்தக்க செயல் எதுவும் கிடைக்கவில்லையெனில், பாராட்டு மடல் எழுதாதிருப்பதே நேர்மை. பணி முடிந்தமைக்கு நன்றி கூறும் இருவரி மடல் அங்குப் போதுமானது. நன்றி, நன்றியாகவே இருக்கும்போது எவரையும் தைப்பதில்லை.

கற்பவை கற்றபின்

1. ‘உன் கையெழுத்து இம்முறை படிக்கும்படி இருக்கிறது’ – இத்தொடரைக் கேட்பவர் மனத்தில் எழும் மறுவினாவை எழுதி, முள் தங்கியுள்ள சொல்லைச் சுட்டுக.

2. ‘நீயும் நன்றாகப் பேசினாய்’, ‘நீயும் உன் தோழியும் நன்றாகப் பேசினீர்கள்’ – இவ்விரு தொடர்களில் உம்மை தரும் பொருள் வேறுபாட்டை விளக்குக.

3. முதல் வரைவில் உள்ள ‘உங்களைப் போன்றோரே இவ்வளவு செய்யும்போது’ என்னும் தொடர் நூலகரையும் இளைய பணியாளர்களையும் ஒருசேர எவ்வாறு தாழ்த்துகிறது என்பதை ஒரு பத்தியில் எழுதுக.

4. உங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் மேடைக்குப் பின்னால் பணியாற்றிய மாணவர் ஒருவரிடமும், அவருடன் பணியாற்றியோரிடமும் பேசி, அவர் செய்தது, அவருடைய தனி முடிவு, விளைந்த பயன் ஆகியவற்றைத் திரட்டுக. அவற்றைக்கொண்டு அடைமொழி ஒன்றும் இன்றி எட்டு வரிகளில் பாராட்டு மின்னஞ்சல் எழுதுக.